பெற்றோர் வழி வந்த சொத்து விவாகரத்தின்போது பங்கு போகுமா? சட்டம் கூறுவது என்ன

புனே: தாய் தந்தையரிடமிருந்து கணவனுக்கோ மனைவிக்கோ வாரிசுரிமையாகக் கிடைத்த வீடும் நிலமும் திருமணம் முறியும்போது யாருக்குச் சேரும் என்ற கேள்வி, குடும்ப நீதிமன்றங்களை நாடும் தம்பதியரிடையே தொடர்ந்து எழுந்து வருகிறது. அந்தச் சொத்து யாருக்கு வந்ததோ அவருக்கே உரியது என்பதே இதற்கான சுருக்கமான விடை. கோவா நீங்கலாக நாட்டின் பெரும்பகுதியில் விவாகரத்துத் தீர்ப்பு மட்டும் அந்த உரிமையை மாற்றுவதில்லை. எனினும், சொத்தின் உரிமையாளரே கையெழுத்திட்ட ஆவணங்கள் மூலமும், ஜீவனாம்சக் கணக்கீட்டின் மூலமும் அச்சொத்தின் மதிப்பில் ஒரு பகுதி மறுதரப்புக்குச் செல்ல வாய்ப்புண்டு.

சரிபாதி என்ற விதி இல்லை

மேலை நாடுகள் சிலவற்றில் திருமண காலத்தில் சேர்ந்த சொத்துகளைப் பிரிவின்போது இருவருக்கும் பகிர்ந்தளிக்கும் சட்டம் உண்டு. இந்தியாவில் இந்துக்கள், இஸ்லாமியர், கிறிஸ்தவர், பார்சிகள் ஆகியோருக்கான திருமணச் சட்டங்களிலோ சிறப்புத் திருமணச் சட்டத்திலோ அத்தகைய பொது விதி இல்லை. யார் பெயரில் உரிமை உள்ளதோ அவரே உரிமையாளர் என்பதே அடிப்படை நிலை.

புனேவுடன் தொடர்புடைய வழக்கு ஒன்றில் 2024 டிசம்பர் 19-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இந்நிலையைத் தெளிவுபடுத்தியது. போபாலில் கணவர் தொடுத்த விவாகரத்து வழக்கைப் புனே குடும்ப நீதிமன்றத்துக்கு மாற்றக் கோரி மனைவி மனு செய்திருந்தார். நீதிபதிகள் பி.வி.நாகரத்னா, பங்கஜ் மித்தல் ஆகியோர் அடங்கிய அமர்வு, அரசியல் சட்டத்தின் 142-ஆவது பிரிவின் கீழ் அத்திருமணத்தை முறித்து, மனைவிக்கு 12 கோடி ரூபாய் நிரந்தர ஜீவனாம்சம் வழங்க உத்தரவிட்டது. ஆனால், கணவரின் செல்வ நிலைக்கு ஈடாகத் தொகை கோரும் வாதத்தை அமர்வு ஏற்கவில்லை. இரு தரப்பினரின் செல்வத்தைச் சமப்படுத்தும் வழியாக ஜீவனாம்சத்தைக் கருதும் போக்கு குறித்துத் தனக்குக் கடும் ஆட்சேபம் உண்டு எனவும், வாழ்க்கைத் துணையின் செல்வம் குறைந்துபோன வழக்குகளில் யாரும் அவ்வாறு சமப்படுத்தக் கோருவதில்லை எனவும் அது சுட்டிக்காட்டியது.

அவ்வழக்கு வாரிசுச் சொத்தைப் பற்றியதன்று. எனினும், கணவரே ஈட்டிய செல்வத்துக்குச் சரிபாதி விதி பொருந்தாத நிலையில், அவருடைய பெற்றோர் விட்டுச் சென்ற சொத்துக்கு அது பொருந்த இடமில்லை.

27-ஆவது பிரிவின் எல்லை

இந்துத் திருமணச் சட்டம், 1955-இல் சொத்தைப் பற்றி நேரடியாகப் பேசுவது 27-ஆவது பிரிவு மட்டுமே. திருமணத்தின்போதோ அதையொட்டியோ அளிக்கப்பட்டு, இருவருக்கும் கூட்டாக உரிமையுள்ள பொருள்கள் குறித்து விவாகரத்துத் தீர்ப்பிலேயே உத்தரவிட நீதிமன்றத்துக்கு அப்பிரிவு அதிகாரம் அளிக்கிறது. திருமணத்துக்கு முன்போ பின்போ அளிக்கப்பட்டவையும், அத்திருமணத்துடன் தொடர்புடையவையாக இருந்தால் இதில் அடங்கும் என 1997-இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. சீர்வரிசைப் பாத்திரங்கள், அறைகலன்கள், இருவருக்கும் பொதுவாக வழங்கப்பட்ட பரிசுகள் போன்றவை இதற்கு எடுத்துக்காட்டுகள்.

தந்தை இறந்ததால் மகனுக்கு வந்த நிலம் திருமணத்தையொட்டி வந்ததன்று. அது இருவருக்கும் கூட்டாக அளிக்கப்பட்டதும் அன்று. ஆகவே அது 27-ஆவது பிரிவுக்குள் வராது. மகளுக்கு வந்த சொத்தின் நிலையும் இதுவே. இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956-இன் 14-ஆவது பிரிவின்படி, பெண் வாரிசுரிமையாகப் பெறும் சொத்துக்கு அவரே முழு உரிமையாளர். அதன் மீது கணவருக்கு எவ்வித உரிமையும் பிறப்பதில்லை.

மகாராஷ்டிரத்தில் பூர்வீகச் சொத்து குறித்து ஒரு குழப்பம் அடிக்கடி எழுகிறது. தந்தை தாமே ஈட்டி, உயில் எழுதாமல் விட்டுச் சென்ற சொத்து 8-ஆவது பிரிவின்படி மகனுக்கு வரும்போது, அது அவருடைய தனிச் சொத்தாகிறது என 1986-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. கூட்டுக் குடும்பத்தின் பூர்வீகச் சொத்தோ வேறு வகை. அதில் மகன்களைப் போலவே மகள்களுக்கும் பிறப்பால் உரிமை உண்டு. மருமகளுக்குப் பிறப்புரிமை இல்லை. பழைய பம்பாய் மாகாண மரபுப்படி, தந்தையும் மகன்களும் பாகம் பிரித்துக்கொள்ளும்போது தந்தையின் மனைவிக்கு மகனுக்குச் சமமான ஒரு பங்கு தரப்படுகிறது. தமிழ்நாடு பின்பற்றும் மதராஸ் மரபில் இது வழக்கில் இல்லை. ஆனால் மகாராஷ்டிரத்திலும் மனைவி தாமாக முன்வந்து பாகப்பிரிவினை கோர முடியாது. மனைவி என்ற நிலையைச் சார்ந்த உரிமை என்பதால் விவாகரத்துக்குப் பின் இதைக் கோரவும் இயலாது.

கூட்டுப் பெயரில் வாங்கும்போது நேரும் சிக்கல்

வாரிசுச் சொத்து அதே வடிவில் அதே பெயரில் இருக்கும் வரை பெரும்பாலும் சிக்கல் எழுவதில்லை. அதை விற்று, அந்தப் பணத்தில் கணவன் மனைவி இருவர் பெயரிலும் வேறு வீடு வாங்கும்போதே சிக்கல் தொடங்குகிறது. புனேவில் பழைய நகர்ப் பகுதியிலுள்ள பெற்றோர் வீட்டை விற்றுப் புறநகரில் அடுக்குமாடிக் குடியிருப்பு வாங்கும் குடும்பங்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும்.

இதை ஒரு கற்பனை எடுத்துக்காட்டின் மூலம் விளங்கிக்கொள்ளலாம். கோத்ரூடில் இருந்த பெற்றோர் வீடு விற்கப்பட்டதில், தம் பங்காக மனைவிக்கு 80 லட்சம் ரூபாய் கிடைக்கிறது. பானேரில் 1 கோடியே 20 லட்சம் ரூபாய்க்கு ஒரு குடியிருப்பு வாங்கப்படுகிறது. மனைவி 80 லட்சம் செலுத்துகிறார். மீதி 40 லட்சத்தைக் கணவர் வங்கிக் கடனாகப் பெற்றுத் தம் ஊதியத்திலிருந்து திருப்பிச் செலுத்துகிறார். பத்திரம் இருவர் பெயரிலும் பதிவாகிறது. யாருக்கு எவ்வளவு பங்கு என்று அதில் எழுதப்படவில்லை. சில ஆண்டுகளில் குடியிருப்பின் மதிப்பு 1 கோடியே 80 லட்சமாக உயர்ந்த நிலையில் விவாகரத்து வழக்கு தொடங்குகிறது.

இந்நிலைக்கான விதி திருமணச் சட்டத்தில் இல்லை. சொத்துரிமை மாற்றுச் சட்டம், 1882-இன் 45-ஆவது பிரிவில் உள்ளது. இருவர் தத்தம் தனிப் பணத்தைச் செலுத்தி ஓர் அசையாச் சொத்தைச் சேர்ந்து வாங்கினால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, அவரவர் செலுத்திய தொகையின் விகிதத்தில் பங்கு அமையும் என்கிறது அப்பிரிவு. அதன்படி மனைவிக்கு மூன்றில் இரு பங்கு, அதாவது 1 கோடியே 20 லட்சம் சேரும். கணவருக்கு 60 லட்சம் சேரும்.

அதே பிரிவின் இறுதிப் பகுதி மற்றொன்றையும் கூறுகிறது. யார் எவ்வளவு செலுத்தினர் என்பதற்குச் சான்று இல்லையெனில், இருவருக்கும் சம பங்கு உண்டு என்றே அனுமானிக்கப்படும். அப்போது ஆளுக்கு 90 லட்சம் ஆகிவிடும். இந்த எடுத்துக்காட்டில் சான்று இல்லாததால் மனைவி இழப்பது 30 லட்சம் ரூபாய்.

சான்று தொலைவது பெரும்பாலும் இயல்பான குடும்ப நடைமுறைகளாலேயே நிகழ்கிறது. வீடு விற்ற பணம் முதலில் கணவரின் கணக்கிலோ கூட்டுக் கணக்கிலோ செலுத்தப்படுகிறது. அங்கிருந்து வைப்புத்தொகையாக மாறி, முதிர்ந்தபின் வேறு வங்கிக்குச் செல்கிறது. ஊதியமும் வீட்டுச் செலவும் அதே கணக்கில் கலக்கின்றன. பத்தாண்டுகள் கழித்து நீதிமன்றம் கேட்கும்போது எந்த ரூபாய் எங்கிருந்து வந்தது என்று காட்ட முடிவதில்லை. வங்கிகளும் பழைய கணக்கு விவரங்களை எல்லாக் காலத்துக்கும் பாதுகாப்பதில்லை. மகாராஷ்டிரப் பதிவுத் துறை வழங்கும் ‘இன்டெக்ஸ்-2’ என்ற பதிவுச் சுருக்கத்தில் வாங்கியோரின் பெயர்களும் விலையும் இருக்கும். அவரவர் செலுத்திய பங்கை அதிலிருந்து அறிய இயலாது.

எனவே பெற்றோர் சொத்து விற்கப்பட்ட பத்திரம், விற்பனைத் தொகை வரவான நாளின் கணக்கு அறிக்கை, அத்தொகை புதிய வீட்டின் விற்பனையாளருக்கோ கட்டுமான நிறுவனத்துக்கோ சென்றதைக் காட்டும் அறிக்கை ஆகிய மூன்றும் ஒரே தொடராக இருப்பது வழக்கின் முடிவைத் தீர்மானிக்கக்கூடும். புதிய கிரயப் பத்திரத்திலேயே இருவரின் பங்கு விகிதமும் குறிப்பிடப்பட்டிருந்தால் இந்தத் தேடலுக்குத் தேவை எழுவதில்லை.

இங்கு வேறு இரு தவறான எண்ணங்களும் நிலவுகின்றன. வீட்டுக்கடனில் இணை விண்ணப்பதாரராகக் கையெழுத்திடுவது கடனுக்குப் பொறுப்பேற்பதே. அதனால் மட்டும் வீட்டில் பங்கு கிடைத்துவிடாது. அதுபோல, கணவருக்கு வாரிசாக வந்த வீட்டைப் பழுதுபார்க்க மனைவி தம் ஊதியத்தைச் செலவிட்டிருந்தால், வீட்டின் உரிமை தானாக மாறுவதில்லை. அச்செலவை ஜீவனாம்சம் நிர்ணயிக்கும்போது கருத்தில் கொள்ளுமாறு அவர் கோரலாம்.

தானப் பத்திரம் எழுதிவிட்டால்

வாரிசுச் சொத்தை வாழ்க்கைத் துணைக்கு முழுமையாக மாற்றும் மற்றொரு வழி தானப் பத்திரம். மகாராஷ்டிரத்தில் குடியிருப்பு வீட்டையோ விவசாய நிலத்தையோ கணவன், மனைவி, மகன், மகள் ஆகியோருக்குத் தானமாக எழுதினால் முத்திரைத் தீர்வை 200 ரூபாய் மட்டுமே. உள்ளாட்சி வரியும் பதிவுக் கட்டணமும் தனி. செலவு குறைவு என்பதால், குடும்பம் ஒற்றுமையாக இருக்கும் காலத்தில் பலர் இவ்வாறு எழுதுகின்றனர்.

பதிவு செய்து ஏற்றுக்கொள்ளப்பட்ட தானத்தை, உறவு கசந்தது என்ற காரணத்துக்காகத் திரும்பப் பெற இயலாது. சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 126-ஆவது பிரிவு மிகச் சில நிலைகளில் மட்டுமே ரத்து செய்ய அனுமதிக்கிறது. மோசடியாலோ வற்புறுத்தலாலோ எழுதப்பட்டது என்று நிரூபிப்பது அவற்றுள் ஒன்று. விவாகரத்து நேர்ந்தால் தானம் ரத்தாகும் என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்ட நிபந்தனை பத்திரத்தில் இல்லாவிட்டால், விவாகரத்து மட்டுமே ரத்துக்குக் காரணமாகாது.

வருவாய்ப் பதிவேடுகளில் பெயர் சேர்ப்பது இதனின்றும் வேறுபட்டது. நிலத்துக்கான ‘சாத்பாரா’ எனப்படும் 7/12 பதிவேட்டில் ஒருவர் பெயர் ஏறுவது நிலவரி வசூலுக்கான ஏற்பாடே. அப்பதிவு உரிமையை உருவாக்குவதோ பறிப்பதோ இல்லை என்பது உச்ச நீதிமன்றம் பலமுறை உறுதி செய்த நிலை. ஆகவே பெயர் சேர்க்கப்பட்டதாலேயே மனைவிக்கோ கணவனுக்கோ பங்கு வந்துவிட்டதாகக் கொள்ள முடியாது. அப்பதிவுக்குப் பின்னால் எந்தப் பத்திரம் இருக்கிறது என்பதையே நீதிமன்றம் பார்க்கும்.

ஜீவனாம்சக் கணக்கில் வாரிசுச் சொத்து

உரிமை மாறாவிட்டாலும், வாரிசுச் சொத்து நீதிமன்றத்தின் பார்வைக்கு வெளியே நிற்பதில்லை. இந்துத் திருமணச் சட்டத்தின் 25-ஆவது பிரிவு, நிரந்தர ஜீவனாம்சத்தை நிர்ணயிக்கும்போது இரு தரப்பினரின் வருமானத்துடன் ‘பிற சொத்துகளையும்’ கருத்தில் கொள்ளச் சொல்கிறது. அச்சொத்து சுயமாக ஈட்டியதா, வாரிசாக வந்ததா என்ற வேறுபாட்டை அப்பிரிவு காட்டவில்லை. மாத ஊதியம் குறைவாக இருந்தும், வாரிசாக வந்த மூன்று கடைகளிலிருந்து வாடகை பெறும் ஒருவரின் செலுத்தும் திறன் அந்த வாடகையையும் சேர்த்தே அளவிடப்படும். தேவைப்பட்டால், ஜீவனாம்சத் தொகைக்கு அவருடைய அசையாச் சொத்தின் மீது பொறுப்பு ஏற்படுத்தவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. அவ்வாறு செய்தால் சொத்து அவரிடமே இருக்கும். ஆனால் அத்தொகைக்கு அது ஈடாக நிற்கும்.

இந்த உரிமை மனைவிக்கு மட்டும் உரியதன்று. 25-ஆவது பிரிவின் கீழ் கணவரும் மனு செய்யலாம். 2022-இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, ஆசிரியையாகப் பணிபுரிந்த பெண் தம் முன்னாள் கணவருக்கு மாதம் 3,000 ரூபாய் இடைக்கால ஜீவனாம்சம் அளிக்க வேண்டும் என்ற கீழமை நீதிமன்ற உத்தரவை உறுதி செய்தது. எனவே, பெற்றோர் சொத்தைப் பெற்ற மனைவியின் வளமும், வருவாயற்ற கணவரின் மனுவில் கணக்கில் வரக்கூடும். சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ் நடந்த திருமணங்களில் நிரந்தர ஜீவனாம்சம் கோரும் உரிமை மனைவிக்கு மட்டுமே உண்டு.

சொத்தை மறைப்பது இப்போது எளிதன்று. மகாராஷ்டிரத்திலிருந்து சென்ற ‘ரஜ்னேஷ் எதிர் நேஹா’ வழக்கில் 2020 நவம்பர் 4-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, ஜீவனாம்ச வழக்குகளில் இரு தரப்பும் சொத்து மற்றும் கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். பூர்வீகச் சொத்தில் உள்ள பங்கு, அசையாச் சொத்தின் வாடகை ஆகியவற்றுடன், திருமண காலத்தில் பிறருக்கு மாற்றிக்கொடுத்த சொத்துகளின் விவரத்தையும் அதில் குறிப்பிட வேண்டும். வழக்குத் தொடங்கும் தறுவாயில் சகோதரருக்கு ‘ஹக்கசோட் பத்திரம்’ எனப்படும் உரிமை விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்து, தம்மிடம் ஏதுமில்லை என்று கூறுவோரின் பரிமாற்றம் இந்தப் பகுதியில் வெளிப்படும். தமிழ்நாட்டிலிருந்து புனேவுக்குப் பணிக்குச் சென்றவரின் சொந்த ஊர் நிலமும் இந்தப் பட்டியலில் இடம்பெற வேண்டியதே.

விவாகரத்துக்குப் பின் வாரிசுச் சொத்து வந்து சேர்ந்தாலும் நிலைமை மாறக்கூடும். சூழ்நிலை மாறினால் ஜீவனாம்ச உத்தரவைக் கூட்டவோ குறைக்கவோ 25-ஆவது பிரிவின் இரண்டாம் உட்பிரிவு இடமளிக்கிறது. மாதாந்திர ஜீவனாம்சத்துக்குப் பதிலாக ஒரே தவணையில் முழுத் தொகையையும் பெற்று, இனி கோரிக்கை இல்லை என்று ஒப்புக்கொண்டவர்கள் இவ்வழியைப் பின்னர் பயன்படுத்துவது கடினம்.

தீர்ப்புக்கு முன் மரணம் நேர்ந்தால்

விவாகரத்துத் தீர்ப்பு வெளியாகும் நாள் வரை இருவரும் சட்டப்படி கணவன் மனைவியே. பல ஆண்டுகளாகப் பிரிந்து வாழ்ந்தாலும் இந்நிலை மாறாது. வழக்கு நிலுவையில் இருக்கும்போது கணவர் உயில் எழுதாமல் இறந்தால், அவருக்குப் பெற்றோர் வழி வந்த தனிச் சொத்திலும் மனைவி முதல் வகுப்பு வாரிசாகப் பங்கு பெறுவார். தீர்ப்புக்குப் பின் அவருக்கு அந்த உரிமை இல்லை. பிள்ளைகளின் வாரிசுரிமை இரு நிலைகளிலும் மாறாது.

மனைவி இறந்தால் விதி வேறு. தாய் தந்தையரிடமிருந்து வாரிசாகப் பெற்ற சொத்தை விட்டு, பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ இன்றி ஒரு பெண் உயில் எழுதாமல் இறந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15-ஆவது பிரிவின் இரண்டாம் உட்பிரிவின்படி அச்சொத்து அவருடைய தந்தையின் வாரிசுகளுக்கே திரும்பும். திருமணம் நீடித்திருந்தாலும் கணவருக்குச் செல்லாது.

சம்மத விவாகரத்தில் கவனிக்க வேண்டியது

பரஸ்பர சம்மதத்துடன் பிரிவோர், வாரிசுச் சொத்து உட்பட எதையும் விருப்பப்படி பகிர்ந்துகொள்ளலாம். ஆனால் சமரச ஒப்பந்தத்தில் எழுதினால் மட்டும் போதும் என்று கருதுவது பின்னாளில் சிக்கலைத் தரும். பதிவுச் சட்டத்தின் 17-ஆவது பிரிவின்படி, வழக்கின் பொருளாக இல்லாத அசையாச் சொத்தைச் சமரசத் தீர்ப்பில் சேர்த்தால் அதைப் பதிவு செய்ய வேண்டும். விவாகரத்து மனுவின் பொருள் திருமணம், வீடு அன்று. பதிவு செய்யாதவர்கள் வீட்டை விற்க முயலும்போது உரிமை முழுமையடையவில்லை என்ற தடையைச் சந்திக்கின்றனர். துணைக்கான 200 ரூபாய் முத்திரைத் தீர்வைச் சலுகையும் கணவன் மனைவி உறவு இருக்கும்போதே பொருந்தும் என்பதால், பத்திரம் தீர்ப்புக்கு முன்பா பின்பா என்பது செலவைப் பெரிதும் மாற்றும்.

அண்டை மாநிலத்தில் மாறுபட்ட சட்டம்

மகாராஷ்டிரத்தின் எல்லையை ஒட்டிய கோவாவில் நிலைமை நேர்மாறானது. போர்ச்சுகீசியர் காலத்து 1867-ஆம் ஆண்டுக் குடிமைச் சட்டம் அங்கு இன்றும் குடும்பச் சொத்துகளுக்குப் பொருந்துகிறது. திருமணத்துக்கு முன் வேறுவித ஒப்பந்தம் செய்துகொள்ளாத தம்பதியரின் சொத்துகள், வாரிசாக வந்தவை உட்பட, பொதுவாக இருவருக்கும் உரிய கூட்டுச் சொத்தாகின்றன.

நாடு முழுவதற்கும் மாற்றம் கொண்டுவரும் முயற்சியும் நடந்தது. கணவரின் வாரிசுச் சொத்தையும் கருத்தில் கொண்டு, அவருடைய அசையாச் சொத்திலிருந்து மனைவிக்கு இழப்பீடு வழங்க வகை செய்யும் திருமணச் சட்டங்கள் திருத்த மசோதா 2013 ஆகஸ்டில் மாநிலங்களவையில் நிறைவேறியது. மக்களவையின் ஒப்புதல் பெறாத நிலையில், 2014-இல் அவை கலைக்கப்பட்டபோது அம்மசோதா காலாவதியானது. இதனால் புனேவிலும் தமிழ்நாட்டிலும் வாரிசுச் சொத்து அதைப் பெற்றவரின் தனிச் சொத்தாகவே நீடிக்கிறது.